மச்சமா, கறையா?

ஒரு பழைய கல்யாணப் படத்தை எடுத்துக்கொள்வோம். 1968-ல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஆறு அங்குல அகலம், நாலு அங்குல உயரம். பல வருடம் பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்ததில் நடுவே மடிந்து, அந்த மடிப்பின் வெள்ளைக் கோடு மாப்பிள்ளையின் தோளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. வலது மேல்பக்கம் ஈரம் பட்டுப் பழுப்பேறியிருக்கிறது. இடது கீழ்மூலை கிழிந்து காணாமலே போய்விட்டது. கறுப்பெல்லாம் வெளுத்துச் சாம்பலாகி, வெள்ளையெல்லாம் மங்கி மஞ்சளாகி, மாப்பிள்ளையின் வேட்டி எது, பின்சுவர் எது என்று தெரியாத நிலை.

இதைக் கம்ப்யூட்டரில் சரிசெய்ய இரண்டு வழி உண்டு. ஸ்கேன் எடுத்த படத்தின் மேலேயே வேலையை ஆரம்பித்து, மடிப்பை மறைத்து, கறையை நீக்கி, வெளிச்சத்தைக் கூட்டி, அப்படியே சேமித்து முடித்துவிடுவது ஒன்று. ஸ்கேன் படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல், செய்கிற ஒவ்வொரு திருத்தத்தையும் அதன்மேல் தனித்தனி அடுக்காக வைத்துக்கொண்டே போவது இன்னொன்று. இரண்டிலும் கடைசியில் கிடைக்கும் பிரிண்ட் ஒன்றுபோலவே இருக்கலாம். ஆனால் வீட்டில் யாராவது பார்த்துவிட்டு, “எல்லாம் நன்றாக இருக்கிறது, இந்த ஒரு இடத்தை மட்டும் பழையபடி வைக்க முடியுமா?” என்று கேட்கும்போது வித்தியாசம் தெரிந்துவிடும். முதல் வழியில் வேலை செய்தவர் ஸ்கேனிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இரண்டாவது வழியில் செய்தவருக்கு அது சில நிமிட வேலை.

இந்த இரண்டாவது வழியைத்தான் தொழிலில் நான்-டிஸ்ட்ரக்டிவ் எடிட்டிங் என்கிறார்கள். மூலத்தை அழிக்காமல் திருத்துவது. போட்டோஷாப்பை வைத்து இதை விளக்குகிறேன். பெரும்பாலான ஸ்டூடியோக்களில் இருப்பது அதுதான்.

என்னதான் அழிகிறது?

டிஜிட்டல் படம் என்பது எண்களின் அட்டவணை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வெளிச்ச எண் உண்டு: முழுக் கறுப்பு 0, முழு வெள்ளை 255. நம் மங்கிய படத்தில் முழுக் கறுப்பும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை. இருப்பதிலேயே கருத்த இடம் 60 வாக்கில் இருக்கும். இருப்பதிலேயே வெளுத்த இடம் 215-ஐத் தாண்டாது. மாப்பிள்ளையின் வேட்டியில் மூன்று மடிப்புகள் இருக்கின்றன, அவற்றின் எண்கள் 196, 204, 212 என்று வைத்துக்கொள்வோம். அந்த எட்டெட்டு எண் இடைவெளியில்தான் துணி துணியாகத் தெரிகிறது.

படத்துக்கு உயிர் கொடுக்க நினைக்கும் ஒருவர், லெவல்ஸ் என்ற கருவியைத் திறந்து வெள்ளைக் குமிழை 195-க்கு இழுக்கிறார். 195-க்கு மேற்பட்ட எல்லாம் 255 ஆகிவிடும். படம் பளிச்சென்று ஆகிவிட்டது. மூன்று மடிப்புகளும் 255, 255, 255. படத்தை ஜேபெக்காகச் சேமித்து மூடிவிடுகிறார். மறுநாள் பார்க்கும்போது வேட்டி வெள்ளைக் காகிதமாகத் தெரிகிறது. வெளிச்சத்தைக் குறைத்துப் பார்க்கிறார். மூன்றும் ஒரே அளவுக்குச் சாம்பலாகின்றனவே தவிர மடிப்பு வரவில்லை. எந்தப் புள்ளி 196, எது 212 என்ற தகவல் கோப்பிலேயே இல்லை. இனி எந்தக் கருவியாலும் அதை மீட்க முடியாது.

இதே லெவல்ஸ் திருத்தத்தை அட்ஜஸ்ட்மென்ட் லேயராகச் செய்திருந்தால், அடியில் 196, 204, 212 அப்படியே இருக்கும். மேலே இருப்பது “195-க்கு மேல் வெள்ளையாகக் காட்டு” என்ற கட்டளை மட்டும். அடுத்த வாரம் அதைத் திறந்து குமிழை 215-க்கு நகர்த்தினால் மூன்று மடிப்பும் திரும்பி வந்துவிடும்.

“அன்டூ இருக்கிறதே?” என்று கேட்கலாம். போட்டோஷாப்பின் ஹிஸ்டரி, அமைப்பை மாற்றாதவரை, கடைசி 50 செயல்களை மட்டும்தான் நினைவில் வைத்திருக்கும். கறை நீக்கும் தூரிகையால் ஒருமுறை தொட்டால் அது ஒரு செயல். பழைய படத்தின் புள்ளிகளை எடுக்க ஐம்பது தொடல்கள் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். நடுநடுவே ஸ்னாப்ஷாட் எடுத்துவைக்கலாம். ஆனால் கோப்பை மூடிய கணத்தில் ஹிஸ்டரியோடு அதுவும் போய்விடும். வேலை நடக்கும் நேரத்துக்குத்தான் அது துணை. அடுத்த வாரம் வரும் கேள்விக்குப் பதில் அதில் இருக்காது.

முதல் வேலை ஸ்கேன்

எத்தனை அடுக்கு வைத்தாலும், ஸ்கேனில் வராத தகவல் பிறகு வராது. அதனால் இதில் கொஞ்சம் தாராளமாக இருக்க வேண்டும். நம் படத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் 3600-க்கு 2400 புள்ளிகள் கிடைக்கும். 300 டிபிஐ-யில் பிரிண்ட் போட்டால் பன்னிரண்டுக்கு எட்டு அங்குலம். கூடத்துச் சுவரில் மாட்டுவதற்கு அது போதும்.

இன்னும் இரண்டு விஷயம் உண்டு. கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில்தான் ஸ்கேன் செய்ய வேண்டும். பழுப்புக் கறை நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், சிவப்பை அவ்வளவாகத் தடுக்காது. அதனால் ஸ்கேனின் நீலச் சேனலில் கறை இருண்டு தெரியும். சிவப்புச் சேனலில் பெரும்பகுதி மறைந்தே போகும். கறுப்பு வெள்ளையாக ஸ்கேன் செய்தால் இந்த வசதி கைநழுவிவிடும். மற்றொன்று, 16 பிட்டில் ஸ்கேன் செய்து டிஃப் கோப்பாகச் சேமிப்பது. 60 முதல் 215 வரை சுருங்கிக் கிடக்கும் படத்தை 0 முதல் 255 வரை விரிக்கப்போகிறோம். 8 பிட் கோப்பில் அந்த இடைவெளியில் சுமார் 155 படிகள்தான் உண்டு. அவற்றை 256 இடத்துக்கு இழுத்தால் நடுநடுவே காலியிடம் விழும். ஹிஸ்டோகிராமில் வரிசையாக இடைவெளிகள் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. பின்சுவர் போன்ற சீரான பரப்பில் திட்டுத்திட்டாகக் கோடு விழுவதும் இதனால்தான். லேயர் வைத்துச் செய்தாலும் இந்தக் குறை வரும்; இதைத் தவிர்க்க 16 பிட் ஸ்கேன்தான் வழி. அப்படி எடுத்தால் நம் படம் சுமார் 52 எம்பி இருக்கும்.

இந்த ஸ்கேன் கோப்பை உடனே “ரீட் ஒன்லி” ஆக்கி, இன்னொரு டிஸ்கிலும் ஒரு நகல் போட்டுவிட வேண்டும். இனி வேலையெல்லாம் அதிலிருந்து எடுத்த பிஎஸ்டி கோப்பில்தான்.

அடுக்குகளின் வரிசை

லேயர் என்பதை, படத்தின் மேல் வைத்த கண்ணாடித் தாளாக நினைத்துக்கொள்ளலாம். தாளில் எழுதுவது படத்தின் மேல் எழுதியதுபோலத் தெரியும். தாளை எடுத்தால் படம் பழையபடி இருக்கும். 1990-ல் வந்த முதல் போட்டோஷாப்பில் இது கிடையாது. 1994-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் லேயர் வந்தது. அதற்கு அடுத்த பதிப்பில், 1996-ல், கட்டளையையே ஒரு லேயராக வைக்கும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் வந்தது.

நம் படத்தில் அடியிலிருந்து மேலே போவோம். அடியில் இருப்பது பேக்கிரவுண்ட், அதாவது மூல ஸ்கேன். அதைப் பூட்டிவைத்துவிட்டு, `Ctrl+J` கொடுத்து ஒரு நகல் எடுக்கிறோம். நகலின் மேல் இரண்டு காலி லேயர்கள். ஒன்றுக்கு “மடிப்பு” என்றும் மற்றதற்கு “புள்ளிகள்” என்றும் பெயர். எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு அட்ஜஸ்ட்மென்ட் லேயர்கள். முதலாவது சேனல் மிக்சர்: அதில் `Monochrome` பெட்டியை டிக் செய்து, சிவப்பை 100, மற்ற இரண்டையும் 0 என்று வைத்தால், சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாகக் காட்டும். வலது மேல்பக்கத்துப் பழுப்பு பெரும்பாலும் இந்த ஒரே படியில் அடங்கிவிடும், ஒரு தூரிகைத் தொடல்கூட இல்லாமல். இரண்டாவது கர்வ்ஸ்: மங்கிய கறுப்பையும் வெள்ளையையும் அதனதன் இடத்துக்குக் கொண்டுவரும்.

இப்போது மடிப்பையும் புள்ளிகளையும் எடுக்கலாம். ஹீலிங் பிரஷ் பக்கத்து இடத்திலிருந்து புள்ளிகளை எடுத்துப் பழுதான இடத்தில் நிரப்பும். அதன் `Sample` பட்டியலில் `Current & Below` என்று வைத்தால், அடியில் இருக்கும் படத்தைப் பார்த்து மாதிரி எடுத்து, திருத்தத்தை நம் காலி லேயரில் மட்டும் எழுதும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். `All Layers` என்று வைத்துவிட்டால், மேலே இருக்கும் கர்வ்ஸ் வழியாகப் பளிச்சிட்ட புள்ளிகளை அது எடுத்துக்கொண்டு வந்து கர்வ்ஸுக்கு அடியில் வைக்கும். அந்தப் புள்ளிகள் மீண்டும் ஒருமுறை கர்வ்ஸ் வழியே போய் இரட்டிப்பாக மாறும். சந்தேகம் வந்தால் மேலே இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் லேயர்களின் கண் அடையாளத்தை அணைத்துப் பாருங்கள். சரியாகச் செய்த திருத்தம் மஞ்சள் படத்தோடு மஞ்சளாகவே கலந்து நிற்கும். தவறாகச் செய்தது, மஞ்சளுக்கு நடுவே சாம்பல் ஒட்டுகளாக வெளியே தெரியும்.

ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் எதற்கு?

அட்ஜஸ்ட்மென்ட் லேயர் நிறத்தையும் வெளிச்சத்தையும் மாற்றும். படத்தைக் கூர்மையாக்குவது, மணியை அடக்குவது, அளவை மாற்றுவது போன்றவற்றை அதால் செய்ய முடியாது. அவற்றைச் செய்யும் ஃபில்டர்கள் புள்ளிகளையே மாற்றிவிடும். 2005-ல் வந்த சிஎஸ்2 பதிப்பில் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட் வந்தது, 2007-ல் சிஎஸ்3-ல் ஸ்மார்ட் ஃபில்டர் வந்தது. அதன்பிறகு இந்த வேலைகளையும் கட்டளையாக வைத்திருக்க முடிகிறது.

படத்தின் நகல், “மடிப்பு”, “புள்ளிகள்” ஆகிய மூன்று லேயர்களையும் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து `Convert to Smart Object` கொடுக்கிறோம். மூன்றும் ஒரே லேயராகத் தெரியும். ஆனால் ஒன்றாகக் கலந்துவிடவில்லை. அவற்றை உள்ளே வைத்து மூடியிருக்கிறோம், அவ்வளவுதான். இனி இதன்மேல் போடும் அன்ஷார்ப் மாஸ்க் போன்ற ஃபில்டர், லேயருக்குக் கீழே ஒரு வரியாக நிற்கும். அந்த வரியை இரட்டை கிளிக் செய்தால் பழைய எண்களோடு அதே பெட்டி திறக்கும். கூர்மை அதிகம் என்று தோன்றினால் குறைக்கலாம். ஃபில்டருக்கென்று ஒரு மாஸ்க்கும் கூடவே வரும். முகங்களின் மேல் கறுப்புப் பூசினால் அங்கே மட்டும் கூர்மை வராது, நகையும் மாலையும் மட்டும் கூராகும்.

மூன்று லேயரையும் சேர்த்து மூடியதற்குக் காரணம் உண்டு. ஹீலிங் பிரஷ் வைத்த புள்ளிகள் கட்டளை அல்ல. அந்த நேரத்தில் கீழே தெரிந்ததைப் பார்த்து எடுத்த நகல். முதலில் ஃபில்டர் போட்டுவிட்டு, அதன்மேல் மடிப்பைச் சரிசெய்தால், பிறகு ஃபில்டரின் எண்ணை மாற்றும்போது கீழே உள்ள படம் மாறும், மேலே உள்ள ஒட்டு மாறாது. மாப்பிள்ளையின் தோளில் ஒரு கோடு மட்டும் வேறு கூர்மையில் தெரியும். பழுது நீக்குவதை உள்ளே வைத்து, ஃபில்டரை வெளியே வைத்தால் இரண்டும் சேர்ந்தே மாறும்.

இதற்கும் எல்லை உண்டு. ஸ்மார்ட் ஆப்ஜெக்டின் மேல் நேராகத் தூரிகை போட முடியாது. போட முயன்றால், லேயரை ராஸ்டரைஸ் செய்யவா என்று போட்டோஷாப் கேட்கும். அவசரத்தில் சரி என்று அழுத்தினால் உள்ளே இருந்ததெல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும், ஃபில்டரின் எண்களும் போய்விடும். அளவு விஷயத்திலும் அது மாயம் செய்யாது. படத்தைச் சிறிதாக்கி மறுபடி பழைய அளவுக்குக் கொண்டுவந்தால் தரம் குறையாது. மூல அளவைத் தாண்டிப் பெரிதாக்கினால் மற்றப் படங்களைப் போல அதுவும் மங்கத்தான் செய்யும். கோப்பும் வீங்கும்: மூல ஸ்கேனைப்போல மூன்று நாலு மடங்கு ஆவது சாதாரணம். பிஎஸ்டி கோப்பு 2 ஜிபி-யைத் தாண்ட முடியாது; அதற்கு மேல் போனால் பிஎஸ்பி வடிவில் சேமிக்க வேண்டும்.

மச்சம் திரும்பி வந்தது

இந்த வரிசைக்கெல்லாம் பலன் எங்கே தெரியும் என்பதற்கு ஒரு காட்சி. ஸ்டூடியோவில் வேலை முடிந்து, மணமகளின் மகள் வந்து பார்க்கிறார்.

“தம்பி, அம்மாவுக்கு இடது கன்னத்துல ஒரு மச்சம் உண்டு. அதக் காணோமே?”

“கறைன்னு நெனச்சு எடுத்துட்டேம்மா. உக்காருங்க, இப்பவே கொண்டாந்துடறேன்.”

பழைய படத்தில் அந்தக் கன்னத்தைச் சுற்றி ஏழெட்டுக் கறும்புள்ளிகள் இருந்திருக்கும். எது பூஞ்சை, எது மச்சம் என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. தெரிந்தவர் சொன்னால்தான் உண்டு. ஸ்மார்ட் ஆப்ஜெக்டின் சிறு படத்தை இரட்டை கிளிக் செய்கிறார். உள்ளே இருக்கும் மூன்று லேயர்களும் தனி ஜன்னலில் திறக்கின்றன. “புள்ளிகள்” லேயருக்கு ஒரு மாஸ்க் சேர்த்து, அந்த ஒரு இடத்தில் சிறிய தூரிகையால் கறுப்பு வைக்கிறார். அங்கே மட்டும் திருத்தம் மறைய, அடியில் இருந்த மச்சம் தெரிகிறது. பக்கத்தில் இருந்த கறைகள் நீங்கியபடியே இருக்கின்றன. `Ctrl+S` கொடுத்து அந்த ஜன்னலை மூடுகிறார். வெளியே இருக்கும் படம் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது: கூர்மை, சேனல் மிக்சர், கர்வ்ஸ் எல்லாம் அந்த மச்சத்தின் மேலும் அதே அளவில் விழுகின்றன. இங்கே ஒரு கவனம் வேண்டும். உள் ஜன்னலில் `Save As` கொடுத்து வேறு பெயரில் சேமித்தால், மாற்றம் அந்தப் புதுக் கோப்புக்குப் போய்விடும், வெளிப்படத்துக்கு வராது.

முன்பும் பின்பும் மட்டும் போதாது

செய்த வேலை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. `Alt` விசையைப் பிடித்தபடி பேக்கிரவுண்ட் லேயரின் கண்ணைக் கிளிக் செய்தால் மற்ற எல்லா லேயரும் அணைந்து மூலம் மட்டும் தெரியும். மறுபடி செய்தால் எல்லாம் திரும்பும். நொடிக்கு நொடி முன்னும் பின்னும் மாற்றிப் பார்க்கலாம்.

ஆனால் இந்த ஒப்பீடு வேலை செய்தவருக்குச் சாதகமாகத்தான் எப்போதும் பேசும். மங்கி மஞ்சளித்த படத்துக்குப் பக்கத்தில் எதை வைத்தாலும் பளிச்சென்றுதான் இருக்கும். அளவோடு செய்ததும் நன்றாகத் தெரியும், அளவு மீறிச் செய்ததும் நன்றாகத் தெரியும். கூடவே, ஒரு படத்தையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் கண் அதன் கான்ட்ராஸ்ட்டுக்குப் பழகிவிடும். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் என்ன என்று தோன்றும். முகங்கள் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்துப்போவது ஒரே முடிவில் நேர்வதில்லை; இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறித்தான்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, திருத்திய படம் பழையதைவிட நன்றாக இருக்கிறதா என்பதல்ல. திருத்திய இரண்டு வடிவங்களில் எது சரி என்பது. அதற்குத்தான் லேயர் காம்ப்ஸ். எந்தெந்த லேயர் எரிகிறது, எது அணைந்திருக்கிறது, எது எத்தனை சதவீதம் தெரிகிறது என்பதை ஒரு பெயர் கொடுத்து நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி இது. ஸ்னாப்ஷாட்டைப் போல மறைந்துவிடாமல் கோப்போடு சேமிக்கப்படும். நம் படத்துக்கு நான்கு போதும்: மூலம், பழுது நீக்கியது மட்டும், மிதமான கர்வ்ஸ், அழுத்தமான கர்வ்ஸ். லேயர் காம்ப்ஸ் பேனலில் அம்புக்குறியை அழுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வரும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. லேயர் காம்ப், அட்ஜஸ்ட்மென்ட் லேயருக்குள் இருக்கும் எண்களை நினைவில் வைப்பதில்லை. ஒரே கர்வ்ஸ் லேயரை மிதமாக வைத்து ஒரு காம்ப், அதையே அழுத்தமாக மாற்றி இன்னொரு காம்ப் என்று சேமித்தால், இரண்டையும் கிளிக் செய்யும்போது ஒரே படம்தான் வரும். கடைசியாக வைத்த எண்தான் நிற்கும். மிதத்துக்கு ஒரு கர்வ்ஸ் லேயர், அழுத்தத்துக்கு ஒரு கர்வ்ஸ் லேயர் என்று தனித்தனியாக வைத்து, ஒன்றை ஏற்றி மற்றதை அணைத்துச் சேமிக்க வேண்டும். காம்பின் பக்கத்தில் எச்சரிக்கை முக்கோணம் தெரிந்தால், அது நம்பியிருந்த ஏதோ ஒரு லேயரை நீக்கிவிட்டீர்கள் அல்லது இன்னொன்றோடு சேர்த்துவிட்டீர்கள் என்று பொருள்.

ஒப்பிடும்போது ஒரே அளவில், ஒரே இடத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் முழுப் படமும் திரையில் தெரியும்படி வைத்து, முகங்களும் உடைகளும் சமநிலையில் இருக்கின்றனவா என்று பார்ப்பது. பிறகு நூறு சதவீத அளவில் மூன்று இடங்களுக்குப் போவது: மணமகளின் முகம், வேட்டியின் மடிப்பு, பழுப்புத் திட்டு முடியும் ஓரம். அழுத்தமான கர்வ்ஸில் வேட்டி மடிப்பு மறைந்து, மிதமானதில் தெரிந்தால் முடிவு எளிது. மாலை அழுத்தத்தில் நன்றாக இருந்து வேட்டி மிதத்தில் நன்றாக இருந்தால், அழுத்தமான லேயரை அறுபது சதவீதத்துக்கு இறக்கலாம், அல்லது அதன் மாஸ்க்கில் வேட்டியின் மேல் மட்டும் கறுப்புப் பூசலாம். இப்படி ஒவ்வொரு முடிவையும் தனியாக எடைபோட முடிவதுதான் லேயரில் வேலை செய்வதன் உண்மையான லாபம். தீர்ப்பை அன்றே சொல்லாமல், மறுநாள் காலை கோப்பைத் திறந்ததும் முதல் பார்வையில் எது இயல்பாகப் படுகிறதோ அதை எடுப்பது நல்லது. அதற்குள் கண் பழகியதை மறந்திருக்கும்.

பெயரும் பதிப்பும்

லேயர் காம்ப் ஒரே கோப்புக்குள் இருக்கும் வடிவங்களைக் காக்கும். கோப்பே கெட்டுப்போனால் அதோடு போகும். ஆகையால் ஒவ்வொரு கட்டத்திலும் கோப்பையே ஒரு பதிப்பாகச் சேமிக்க வேண்டும். “ஃபைனல்”, “ஃபைனல் புதுசு”, “ஃபைனல் கடைசி” என்று பெயர் வைத்தால் ஆறு மாதம் கழித்து எது எது என்று வைத்தவருக்கே தெரியாது. எண் போடுவதே போதும்:

```
kalyanam_1968_scan.tif
kalyanam_1968_v01.psd
kalyanam_1968_v02.psd
kalyanam_1968_v02_12x8.tif
```

முதல் கோப்பு தொடாத ஸ்கேன். `v01` பழுது நீக்கி முடித்த நிலை. `v02` வீட்டார் பார்த்துச் சொன்ன திருத்தங்கள் சேர்ந்தது. கடைசியில் இருப்பது பிரிண்டுக்குப் போகும் கோப்பு. எந்தப் பதிப்பிலிருந்து வந்தது என்பது பெயரிலேயே இருக்கிறது. லேயர்களை ஒன்றாகச் சேர்க்கும் `Flatten Image` கட்டளையைப் பிஎஸ்டி கோப்பில் கொடுக்கவே வேண்டாம். ஏற்றுமதி செய்யும்போது ஜேபெக் தானாகவே எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும். படத்தை வெட்டும்போதும் கிராப் கருவியில் `Delete Cropped Pixels` பெட்டியின் டிக்கை எடுத்துவிட்டால், வெட்டிய ஓரம் மறைந்திருக்குமே தவிர நீங்காது. ஒப்புதலுக்காக வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை டாக்குமென்டாக அனுப்ப வேண்டும். போட்டோவாக அனுப்பினால் சுருங்கிப் போகும். வீட்டார் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அந்தச் சுருங்கிய படத்தைப் பற்றியதாக இருக்கும்.

போட்டோஷாப் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. இலவசமாகக் கிடைக்கும் ஜிம்பில் லேயர் வெகுகாலமாக இருக்கிறது. 2025-ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஃபில்டர்களையும் பிறகு மாற்றக்கூடிய கட்டளையாக வைத்துக்கொள்ளலாம். பிரவுசரிலேயே ஓடும் போட்டோபியா, பிஎஸ்டி கோப்பை ஸ்மார்ட் ஆப்ஜெக்டோடு திறக்கும்.

கிழிந்த மூலை

இடது கீழ்மூலையைக் கடைசிக்கு விட்டுவைத்ததற்குக் காரணம் இருக்கிறது. மடிப்பின் இரு பக்கமும் படம் இருக்கிறது. நடுவே என்ன இருந்திருக்கும் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம். கிழிந்த மூலையில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஜமக்காளத்தின் கோடுகள் தெரிவதால், அவற்றை நீட்டி மூலையை நிரப்புகிறோம். அங்கே ஒரு சொம்பு இருந்திருக்கலாம், ஒரு குழந்தையின் கால் இருந்திருக்கலாம்.

இப்படி நாமாக வரைந்ததை மற்றத் திருத்தங்களோடு கலக்கக் கூடாது. ஸ்மார்ட் ஆப்ஜெக்டுக்கு மேலே, சேனல் மிக்சருக்குக் கீழே தனி லேயர் வைத்து, “ஊகம்” என்று பெயர் எழுதி, அதில் மட்டும் மூலையை நிரப்ப வேண்டும். வெளியே இருப்பதால் ஃபில்டரின் எண்ணை மாற்றினால் இது கூடவே மாறாது. எனவே கூர்மையை முடிவுசெய்த பிறகே இந்த வேலை. தனியாக இருப்பதால் ஒரு கிளிக்கில் அணைக்கலாம். எது படத்தில் இருந்தது, எது நாம் போட்டது என்று எப்போதும் காட்டலாம். உருத்தெரியாமல் சிதைந்த முகத்தை வேறொரு படத்திலிருந்து எடுத்து வைத்தாலும், நிறமே இல்லாத புடவைக்கு நிறம் கொடுத்தாலும் இதே விதிதான். இன்னும் இருபது வருடம் கழித்து அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இந்தப் படத்தைச் சான்றாகப் பார்ப்பார்கள். பாட்டி சிவப்புப் புடவைதான் கட்டியிருந்தார் என்று, ஒரு கம்ப்யூட்டர் திரையில் நாம் தேர்ந்தெடுத்த நிறத்தைப் பார்த்து அவர்கள் நம்பிவிடக் கூடாது.

ஆகவே பழைய படத்தை ஸ்டூடியோவில் கொடுக்கிறவர்கள், கொடுக்கும்போதே மூன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: பிரிண்டோடு சேர்த்து, திருத்தாத 16 பிட் ஸ்கேன், லேயர்களைச் சேர்க்காத பிஎஸ்டி, எந்த இடம் ஊகம் என்பதற்கு ஒரு வரி. வேலை முடிந்த பிறகு கேட்டால், லேயர்களைச் சேர்த்துவிட்டோம் என்ற பதில் வரக்கூடும். முன்கூட்டியே கேட்டால் வேலை செய்பவரும் அதற்கேற்ற வரிசையில் தொடங்குவார். கூடுதல் கூலி கேட்டால் கொடுக்கலாம், தகும். நாளைக்கு இதைவிட நல்ல கருவி வரும், இதைவிட நன்றாக நினைவு வைத்திருக்கும் ஒரு சித்தி வந்து சேருவார். அப்போது மறுபடி தொடங்க ஸ்கேனும், திருத்த வேண்டியதை மட்டும் திருத்த லேயர்களும் கையில் இருக்கும்.